மார்ஃபிங், முகமாற்று, ஆழ்போலி: எதற்கு எந்தப் பெயர்?

ஒரு பெண்ணின் முகத்தை வெட்டி வேறோர் உடலில் ஒட்டிப் பரப்பினால், சென்னையில் அதற்கு "மார்ஃபிங் படம்" என்றுதான் பெயர். புகார் மனுவிலும் நாளிதழிலும் இதே சொல்தான். ஆனால் அந்தப் படத்தில் நடந்திருப்பது மார்ஃபிங் இல்லை, ஃபேஸ் ஸ்வாப். முகம் முழுக்க அந்தப் பெண்ணுடையதே. இடம்தான் மாறியிருக்கிறது. இதற்கு 'முகமாற்று' என்ற தமிழ்ச்சொல் போதும்.

மார்ஃப் என்பது 'மெட்டமார்ஃபசிஸ்' என்ற சொல்லிலிருந்து நறுக்கி எடுத்தது. கிரேக்கத்தில் 'மார்ஃபே' என்றால் வடிவம். ஒரு முகம் இன்னொன்றாக உருகி மாறும் காட்சிக்கு இந்தப் பெயர் வந்தது. 1991இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' பாடல் காட்சியின் கடைசியில் முகங்கள் அப்படித்தான் மாறும். அந்த மாற்றத்தைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்கும் முகம் இருவரில் எவருடையதும் அல்ல, ஆனால் இருவரின் சாயலும் அதில் இருக்கும்.

அண்ணன், தம்பி இருவர் படங்களை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒவ்வொரு முகத்திலும் அடையாளப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் முறையில் 68 புள்ளிகள்: தாடை, புருவம், மூக்கு, கண், வாய். அண்ணனின் கண்முனை படத்தின் இடது ஓரத்திலிருந்து 200ஆவது பிக்சலிலும் தம்பியுடையது 220இலும் இருந்தால், இரண்டு படங்களையும் இழுத்து வளைத்து அந்தக் கண்முனையை 210க்குக் கொண்டுவர வேண்டும். 68 புள்ளிகளுக்கும் இப்படியே. அதன் பிறகுதான் நிறத்தைக் கலப்பது: ஓரிடத்தில் ஒருவரின் ஒளி அளவு 150, மற்றவருடையது 110 என்றால் கலவையில் 130. வளைப்பதை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் கலந்தால் நான்கு கண்கள் நிழலாடும்.

அந்த 68 புள்ளிகளில் காதும் கிடையாது, முடியும் கிடையாது. அதனால் சரியாகச் செய்த மார்ஃபில்கூட காதோரத்திலும் நெற்றிமுடியிலும் இரட்டைக் கோடு பேய்நிழல்போல் தங்கிவிடும். சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். தேர்ந்தவர்கள் ஒருவரின் முடியையும் காதையும் அப்படியே வைத்து அந்த நிழலை மறைத்துவிடுவார்கள்.

இந்தக் கலப்பு முகத்தின் ஆபத்து தனி. ஒரே படம் இருவருக்கும் பொருந்துவதாக முகம் ஒப்பிடும் கருவி ஏற்றுக்கொள்ளலாம். அப்படியானால் ஒரே கடவுச்சீட்டில் இருவர் பயணிக்கலாம். இதை 2014இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் பெரியவர்களுக்கு கவுன்ட்டரிலேயே படம் எடுப்பதால், கலந்த படத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை.

மார்ஃபுக்கு 'உருமாற்றம்' என்று எழுதுவது வழக்கம். ஆனால் இரண்டு முகம் சேர்வது அந்தச் சொல்லில் தெரியவில்லை. பாதியில் நிறுத்திய அசையாப் படத்துக்கு 'முகக்கலப்பு' என்றே எழுதலாம்.

டீப்ஃபேக் வேறு வகைப் பெயர். முந்தைய இரண்டும் என்ன கிடைத்தது என்பதைச் சொல்கின்றன, இது எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்கிறது. ஏராளமான தரவைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறைக்கு டீப் லேர்னிங், அதாவது ஆழ்கற்றல் என்று பெயர். அதன் 'டீப்', போலி என்னும் 'ஃபேக்', இரண்டும் ஒட்டிய சொல். 2017இன் இறுதியில் ரெடிட் தளத்தில் 'டீப்ஃபேக்ஸ்' என்ற புனைபெயரில் ஒருவர் இத்தகைய காணொளிகளை வெளியிட்டதில் பரவியது. 'ஆழமான போலி' என்று பெயர்த்தால் தவறு. ஆழம் போலிக்கு உரியதல்ல, ஆழ்கற்றலுக்கு உரியது. 'ஆழ்போலி' என்று சேர்த்தே எழுதுவது சரி.

இதில் ஒரு படத்திலிருந்து முகத்தை அப்படியே வெட்டி ஒட்டுவதில்லை. ஏராளமான முகப் படங்களைக் கொடுத்து ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பைப் பழக்குகிறார்கள். அது காணொளியின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் புது முகத்தை வரைகிறது. ஆகவே ஒரே காணொளி முகமாற்றாகவும் ஆழ்போலியாகவும் இருக்கலாம். ஒருவரின் சொந்த முகத்தில் உதட்டசைவை மட்டும் மாற்றினால் அது ஆழ்போலி, முகமாற்று அல்ல. முன்பு ஒருவரின் ஆயிரக்கணக்கான படங்கள் தேவைப்பட்டன. பல முகங்களில் ஏற்கெனவே பழகிய செயலிகளுக்கு இப்போது ஒரே படம் போதும்.

அத்தகைய செயலிகள் சில, முகத்தை அகலமும் உயரமும் 128 பிக்சல்கள் உள்ள சதுரமாக வரைந்து, பிறகு பெரிதாக்கி ஒட்டுகின்றன. அதனால் சட்டைப் பொத்தானும் தலைமுடியும் கூர்மையாகத் தெரிய, கன்னம் மட்டும் மாவு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். கை முகத்தைக் கடக்கும் நொடியில் விரலோரம் கலங்கும். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியில் இந்த அடையாளம் நிற்காது, சுருக்கும்போது எல்லாமே மங்கிவிடும். முதலில் வெளியான கோப்பையே தேடிப் பார்க்க வேண்டும்.

cybercrime.gov.in தளத்தில் புகார் எழுதுவோர் "மார்ஃபிங்" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். "என் முகம், வேறொருவர் உடல், காணொளி, என் முகம் இந்தத் தேதியில் நான் பதிவிட்ட இந்தப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது" என்று எழுதி, அந்த மூலப்படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.