சொல் விளக்கம்: கிரே குறிமுறை

சில மொழிபெயர்ப்புகளில் இதைச் ‘சாம்பல் குறியீடு’ என்று எழுதியிருப்பார்கள். அது தவறு. இந்தக் கிரே ஒரு நிறம் இல்லை, ஒரு மனிதரின் பெயர். பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளராக இருந்த ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் பெற்ற காப்புரிமையில்தான் இந்தக் குறிமுறை விளக்கப்படுகிறது. அதற்கு முன்பும் இத்தகைய வரிசைகளைச் சிலர் பயன்படுத்தியதுண்டு. ஆனால் பெயர் இவருடையதாக நிலைத்துவிட்டது. அவர் வைத்த பெயரோ வேறு: ‘எதிரொளித்த இருமக் குறிமுறை’ என்று தமிழில் சொல்லலாம்.

ஏன் எதிரொளி? ஒரு பிட்டில் 0, 1 என்று எழுதுங்கள். அதன் கீழே கண்ணாடி வைத்ததுபோல் தலைகீழாக 1, 0 என்று எழுதுங்கள். மேல் பாதிக்கு முன்னால் 0, கீழ் பாதிக்கு முன்னால் 1 சேருங்கள். 00, 01, 11, 10 என்று வரும். இதையே திரும்பக் கண்ணாடியில் காட்டினால் மூன்று பிட், மறுபடியும் காட்டினால் நான்கு பிட். இப்படிக் கட்டுவதால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையில் ஒரே ஒரு பிட்தான் மாறும். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணுக்குத் திரும்பும்போதும் அப்படியே.

கிரேயின் சிக்கல் குரலை எண்களாக மாற்றுவது. ஒரு குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை, எதிரே துளைகள் போட்ட தகடு. மின்னழுத்தத்துக்கு ஏற்பக் கற்றை ஏதோ ஒரு வரிசைத் துளைகளின் மேல் போய் விழும், அந்தத் துளைகளே எண்ணைத் தரும். கற்றை இரண்டு வரிசைகளின் எல்லையில் விழுந்தால் என்ன ஆகும்? வழக்கமான இருமத்தில் சில துளைகள் மேல் வரிசையையும் சில கீழ் வரிசையையும் காட்டும், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத எண் கிடைக்கும். எதிரொளி வரிசையில் எல்லையில் விழுந்தாலும் மேலது அல்லது கீழது என்று இரண்டில் ஒன்றுதான் வரும்.

ஒத்திசைவில்லா ஃபிஃபோவிலும் இதே கதைதான். அங்கே எல்லை தகட்டில் இருந்தது, இங்கே நேரத்தில் இருக்கிறது.

ஃபிஃபோ என்பது முதலில் நுழைந்தது முதலில் வெளியேறும் வரிசை. ஒத்திசைவில்லா என்றால் எழுதும் பக்கத்துக்கு ஒரு கிளாக், படிக்கும் பக்கத்துக்கு வேறொரு கிளாக், இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. தரவு நடுவிலுள்ள நினைவகத்தில் அசையாமல் இருக்கும், ஒரு கிளாக்கிலிருந்து மற்றதற்கு எல்லை தாண்டுவது, அடுத்து எழுத வேண்டிய இடத்தையும் படிக்க வேண்டிய இடத்தையும் காட்டும் சுட்டிகள் மட்டுமே. காலியா என்று பார்க்கப் படிக்கும் பக்கத்துக்கு எழுதும் சுட்டி வேண்டும். நிரம்பிவிட்டதா என்று பார்க்க எழுதும் பக்கத்துக்குப் படிக்கும் சுட்டி வேண்டும். ஒவ்வொரு பிட்டும் எதிர்ப்பக்கக் கிளாக்கில் ஓடும் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்கள் வழியாகப் போகும். ஒரு பிட் மாறிக்கொண்டிருக்கும் கணத்தில் பிடிபட்டால், முதல் ஃபிளிப்ஃபிளாப் 0-க்கும் 1-க்கும் நடுவில் சற்றுத் தடுமாறி ஏதாவது ஒரு பக்கம் விழும். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு பிட் அப்படி விழுந்தால் சரி, பழையது அல்லது புதியது. நான்கு பிட் சேர்ந்து மாறும்போதுதான் வினை. எட்டு இடங்கள் கொண்ட ஃபிஃபோவை எடுத்துக்கொள்வோம். சுட்டி நான்கு பிட்: கீழ் மூன்று பிட் முகவரி, மேல் பிட் எத்தனையாவது சுற்று என்பதற்கு. எழுதும் சுட்டி 7-லிருந்து 8-க்குப் போகிறது. முதலில் எண், அடுத்து இருமம், கடைசியில் கிரே:

```
7   0111   0100
8   1000   1100
```

இருமத்தில் நான்கு பிட்டும் புரள்கின்றன. படிக்கும் கிளாக் சரியாக அந்தக் கணத்தில் விழுந்தால், பதினாறு எண்களில் எது வேண்டுமானாலும் பிடிபடலாம். மேல் பிட் மட்டும் முந்திக்கொண்டது என்று வையுங்கள்: 1111, அதாவது 15. படிக்கும் சுட்டி அப்போது 5-இல் நிற்கிறது. உண்மையில் உள்ளே இருப்பவை மூன்று சொற்கள். படிக்கும் பக்கம் 15 − 5 என்று கணக்குப் போட்டு, எட்டே இடமுள்ள ஃபிஃபோவில் பத்துச் சொற்கள் இருப்பதாக நம்புகிறது.

‘நான்கு சொற்கள் சேர்ந்ததும் ஒரே மூச்சில் இழு’ என்று அந்தப் பக்கம் எழுதப்பட்டிருந்தால், உடனே 5, 6, 7, 0 என்ற முகவரிகளைப் படிக்கும். எழுதும் பக்கம் அப்போது சற்று நின்றிருந்தால் 0-இல் போன சுற்றின் பழைய சொல்தான் கிடக்கும். அதுவும் புதுத் தரவாக வெளியே போய்விடும். அதோடு முடியவில்லை. படிக்கும் சுட்டி இப்போது 9, எழுதும் சுட்டி 8. நான்கு பிட்டில் 8 − 9 என்பது 15. அடுத்த முறை சுட்டி சரியாகவே பிடிபட்டாலும் கணக்கு மீளாது.

வெளியே தெரியும் அறிகுறி, எட்டுச் சொற்களுக்கு முன் போன தரவு திரும்பத் தலைகாட்டுவது. சிமுலேஷனில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே நான்கு பிட்டும் ஒரே கணத்தில் மாறும். இப்படி ஒரு பலகையோடு நான் மூன்று நாள் போராடியிருக்கிறேன். எப்போதோ ஒருமுறை மட்டும் வரும் பிழை என்பதால், முதலில் நினைவகத்தைத்தான் சந்தேகப்பட்டேன்.

இப்போது கிரே வரியைப் பாருங்கள். 0100, 1100. மேல் பிட் ஒன்றுதான் அசைகிறது. பிடிபடுவது 7 அல்லது 8. 7 என்று பிடிபட்டால் இரண்டு சொற்கள் இருப்பதாக நினைத்து இன்னும் கொஞ்சம் காத்திருக்கும், அவ்வளவுதான். பழைய சுட்டியால் வரும் பிழை எப்போதும் பத்திரமான பக்கமே சாயும்: படிப்பவருக்கு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும், எழுதுபவருக்கு இருப்பதைவிட நிறைந்ததாகத் தெரியும்.

பலர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. படிக்கும் கிளாக் மெதுவாக ஓடினால், இரண்டு பிடிப்புகளுக்கு நடுவில் சுட்டி ஐந்தாறு படி தாண்டியிருக்குமே, அப்போது பல பிட்டுகள் மாறியிருக்காதா? மாறியிருக்கும். ஆனால் அவையெல்லாம் முன்பே மாறி அடங்கிவிட்டன. பிடிக்கும் கணத்தில் அசைந்துகொண்டிருப்பது ஒன்றுதான், கவலைப்பட வேண்டியதும் அது ஒன்றுக்குத்தான்.

இருமத்தைக் கிரேயாக்க ஒரு வரி போதும்:

```
assign gray = bin ^ (bin >> 1);
```

ஆனால் இதிலிருந்து வெளிவருவதை நேராக எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பக் கூடாது. இருமப் பிட்டுகள் புரளும்போது இந்தத் தர்க்கத்தில் நொடிப்பொழுது துள்ளல் வரும், அதுவே பிடிபட்டுவிடலாம். எழுதும் கிளாக்கிலேயே ஒரு பதிவேட்டில் நிறுத்தி, அதன் பிறகே எல்லை தாண்டவிட வேண்டும். அப்புறம் கம்பி நீளம். ஒரு பிட்டின் பாதை எழுதும் கிளாக்கின் ஒரு சுற்றைவிட அதிகமாகப் பின்தங்கினால், அடுத்த படியில் மாறிய பிட் அதை முந்திவிடும். ஒரு பிட்தான் அசையும் என்ற உறுதி அங்கே போய்விடுகிறது. விவாடோ என்ற சிப் வடிவமைப்பு மென்பொருளில் `set_bus_skew`, `set_max_delay -datapath_only` என்று கட்டுப்பாடு போடுவது இதற்காகத்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘குறியீடு’ என்பது சின்னத்துக்கும் பொருந்தும் என்பதால், இங்கே ‘குறிமுறை’ தெளிவு. கட்டும் விதத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘எதிரொளி இருமக் குறிமுறை’ என்பேன். வேலையைச் சொல்லும் பெயராக ‘ஓரிட மாற்றக் குறிமுறை’ என்று முதலில் எழுதிவந்தேன், ஒரு நண்பர் அதை அலுவலக இடமாற்றம்போல் படித்துவிட்டார். இப்போது ‘ஓரிலக்க மாற்றக் குறிமுறை’ என்று எழுதுகிறேன். எட்டு இடங்களுக்குப் பதில் ஆறு இடம் வைத்து, சுட்டியை 0 முதல் 11 வரை ஓட்டிப் பார்த்தால் இந்தப் பெயரின் அருமை தெரியும்: 11-இன் கிரே வடிவம் 1110, அடுத்து வரவேண்டியது 0000. மூன்று இலக்கங்கள் ஒன்றாகப் புரள்கின்றன. அதுவும் கிரே குறிமுறையில் எழுதியதுதான், ஆனால் ஓரிலக்க மாற்றம் அங்கே இல்லை. 2-இல் தொடங்கி 13-இல் முடித்தால் 1011-லிருந்து 0011-க்குத் திரும்பும், ஒரே இலக்கம்.