அதே ஷூ, அதே 9, ஆனால் சுண்டுவிரல் நெருக்குகிறது

பழகிய ஷூவின் புதிய பதிப்பை அதே எண்ணில் வாங்கினாலும் கால் நெருக்குவது உண்டு. ஓட்டத்துக்கான ஷூக்களின் பெயர் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். உள்ளே இருப்பது நிலைத்திருக்காது. நைக்கியின் பெகசஸ் 1983-ல் வந்தது. 2024-ல் வந்த 41-ம் பதிப்பில் பாதத்துக்கு அடியில் இருக்கும் நுரையே மாறிவிட்டது. பெயர் மாடலைச் சொல்லும், 9 போன்ற எண் அளவைச் சொல்லும், வடிவத்தை இரண்டுமே சொல்லாது.

வடிவத்தைத் தீர்மானிப்பது 'லாஸ்ட்', அதாவது ஷூவை இழுத்துப் பொருத்தித் தைக்கும் கால் வடிவ அச்சு. அச்சின் முன்பகுதி இரண்டு மில்லிமீட்டர் ஒடுங்கினாலே சுண்டுவிரல் உணர்ந்துவிடும். அச்சு மாறாமலும் பிடிப்பு மாறலாம். குதிகாலைச் சுற்றிப் பஞ்சு கூடினால் பாதம் முன்னே தள்ளப்படும், இன்சோல் தடித்தால் பாதம் மேலே ஏறி மேல்துணியில் முட்டும். துணியின் நெசவு இறுகினால் முன்பு கொடுத்த நெகிழ்வும் போய்விடும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: நம் நினைவில் இருப்பது பல மாதம் போட்டுத் தளர்ந்த ஷூ, புதிதாக இருந்த ஷூ அல்ல.

அதனால் நினைவை நம்பாமல் அளக்க வேண்டும். பழையது, புதியது இரண்டு ஜோடியின் இன்சோலையும் கழற்றி, குதிகால் முனையைச் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். நீளம், முன்பாதத்தின் அதிகபட்ச அகலம், தடிமன் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காலில் போட்டு, ஒரே இறுக்கத்தில் லேஸ் கட்டி, இருபக்கத் துளை வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். உதாரணமாக, பழையதில் 25 மி.மீ., புதியதில் 38 மி.மீ. என்றால், நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கொள்ளளவு குறைந்துவிட்டது என்று பொருள். இன்சோல் தடித்ததுதான் காரணம் என்றால் பழைய மெல்லிய இன்சோலை மாற்றிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அகலம்தான் குறை என்றால் அரை அளவு கூட்டுவது பலரும் செய்யும் தவறு. பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கு 8.5 மி.மீ., அரைக்கு சுமார் 4.2 மி.மீ. நீளம் கூடும், அகலமோ ஒன்றிரண்டு மி.மீ. மட்டுமே. கூடவே ஷூ மடங்கும் இடம் பெருவிரல் மூட்டைத் தாண்டி முன்னே போய்விடும், குதிகாலும் வழுக்கும். அதற்குப் பதில் அதே எண்ணில் அகலமான வகையைக் கேளுங்கள். ஆண்களுக்கு வழக்கமான அகலம் D, அகலமானது 2E. பெண்களுக்கு வழக்கமானது B, அகலமானது D.

பழைய பதிப்பே வேண்டுமென்றால் பழைய ஷூவின் நாக்கின் உட்புறம் உள்ள சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அதிலுள்ள மாடல் குறியீட்டைத் தேடினால் மிச்ச இருப்பு கிடைக்கக்கூடும். எண்ணைவிட அதே சீட்டில் CM என்று இருக்கும் சென்டிமீட்டர் அளவைப் பார்ப்பது நல்லது. பிரிட்டிஷ், அமெரிக்க எண்களைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறுவேறாகப் பொருத்துவார்கள். கடைக்கு மாலையில், ஓடும்போது போடும் சாக்ஸோடு போங்கள். பகல் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்றபடி பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னே 10 மி.மீ. இடமாவது இருக்க வேண்டும்.