ரிலேவுக்கும் பின்னுக்கும் நடுவே: டிரான்சிஸ்டர், டயோடு, ஆப்டோகப்ளர்

கடைகளில் கிடைக்கும் 5 வோல்ட் நீல ரிலேவின் சுருள் சுமார் 70 ஓம் மின்தடை கொண்டது. எனவே அது இயங்க 71 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தேவை. ஆர்டுயினோ யூனோவின் ஒரு பின்னுக்கு 40 மில்லி ஆம்பியரே உச்ச வரம்பு என்பதால், சுருளை நேரடியாகப் பின்னில் இணைக்கக் கூடாது.

இடையில் 2N2222 டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்தால், ஆர்டுயினோவின் பின் அதன் பேஸுக்குச் சிறு மின்னோட்டம் மட்டும் தந்தால் போதும். டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்திருக்க வேண்டுமென்பதற்காக, சுருளின் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 7 மில்லி ஆம்பியரை, பேஸுக்குத் தருவது வழக்கம். பின் தரும் 5 வோல்ட்டில் பேஸில் 0.7 வோல்ட் போக மீதம் 4.3 வோல்ட், அதை 7 மில்லி ஆம்பியரால் வகுத்தால் ஏறக்குறைய 610 ஓம் வரும், ஆகவே 560 ஓம் மின்தடை பொருந்தும்.

டிரான்சிஸ்டர் மூடும் கணத்தில், சுருளின் காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் மின்னோட்டத்தை உடனே நிற்க விடாது. வழி அடைபட்டதால் கலெக்டரின் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் தாங்குதிறனைத் தாண்டி எகிறும். சுருளுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்குமாறு 1N4007 டயோடைப் பொருத்தினால், அந்த மின்னோட்டம் டயோடு வழியே சுற்றித் தணிந்துவிடும். டயோடைத் திருப்பிப் போட்டால், டிரான்சிஸ்டர் திறந்ததும் மின்வழங்கியே குறுக்குச்சுற்றாகும்.

டயோடு இருந்தும் ரிலே இயங்கும்போது கண்ட்ரோலர் ரீசெட் ஆனால், ரிலேவின் தொடுமுனைகள் இயக்கும் மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். அப்போது கோளாறு நின்றுவிட்டால், மின் இரைச்சல் சுருளிலிருந்து வரவில்லை, தொடுமுனைகளில் எழும் தீப்பொறியிலிருந்து வருகிறது. அதற்கு மோட்டாருக்குக் குறுக்கே மின்தடையும் மின்தேக்கியும் தொடராக அமைந்த ஸ்னப்பர் போடுவதே முதல் மருந்து.

ஆப்டோகப்ளர் அதற்கு அடுத்த அரண். உள்ளே ஓர் எல்இடி ஒளிர, எதிரேயுள்ள ஒளி டிரான்சிஸ்டர் திறக்கிறது; இரு பக்கங்களுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. ஆனால் PC817 வகையின் வெளியீடு 50 மில்லி ஆம்பியரே தாங்கும் என்பதால், சுருளை ஓட்ட முந்தைய டிரான்சிஸ்டர் இன்னும் தேவைப்படுகிறது.

பலர் ஏமாறும் இடம் வேறு. ஆப்டோகப்ளர் உள்ள பெரும்பாலான ரிலே பலகைகளில் `VCC`, `JD-VCC` இரண்டையும் இணைத்து ஒரு ஜம்பர் செருகியே வருகிறது. அது இருக்கும்வரை இரு பக்கமும் ஒரே மின்வழங்கியில் ஓடுவதால், ஆப்டோகப்ளர் வெறும் அலங்காரமே. ஜம்பரை எடுத்துவிட்டு, ரிலே பக்கத்தின் `JD-VCC`, `GND` இரண்டுக்கும் தனி 5 வோல்ட் அடாப்டரைக் கொடுத்து, கண்ட்ரோலரிலிருந்து `VCC`, `IN` கம்பிகளை மட்டும் கொண்டுவர வேண்டும். இத்தகைய பலகைகளில் எல்இடியின் மின்னோட்டம் `VCC`-இலிருந்து `IN` வழியே போவதால், கண்ட்ரோலரின் `GND` அங்கு தேவையில்லை. பழக்கத்தில் அதையும் இணைத்தால் பிரிப்பு மறுபடியும் போய்விடும். எல்லா மின்சாரத்தையும் நிறுத்தி, மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் இரு கிரவுண்டுகளையும் தொட்டால் ஒலி வரக் கூடாது.

230 வோல்ட்டிலிருந்து பாதுகாப்புக்காகவே ஆப்டோகப்ளர் என்று நினைப்பதும் சரியல்ல, சுருளையும் தொடுமுனைகளையும் பிரிக்கும் வேலையை ரிலேவே செய்கிறது. ஒற்றை விளக்கை இயக்க டிரான்சிஸ்டரும் டயோடும் போதும்.