பேரலும் மீட்டரும் சொல்லும் கணக்கு

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சிக்கு ஒரு ஏக்கர் கடலை. இலவச இணைப்பு இன்னும் வரவில்லை, காசு கட்டும் லைனில்தான் போர் ஓடுகிறது. பில்லைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, 5 எச்பி மோட்டார் மணிக்கு 3.7 யூனிட்தானே இழுக்கும்? மீட்டர்ல கோளாறா?"

மீட்டரில் கோளாறு இல்லை. 5 எச்பியை 0.746 ஆல் பெருக்கினால் 3.7 வரும், சரிதான். ஆனால் அது மோட்டார் பம்புக்குக் கொடுக்கும் பலம். வெப்பமாகப் போவதையும் சேர்த்து லைனிலிருந்து அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். அதனால் நான் மோட்டாரின் பெயர்ப்பலகையை நம்புவதில்லை. மீட்டரின் முகப்பில் imp/kWh என்று போட்டிருக்கும். ஆச்சி வீட்டு மீட்டரில் 800. அதாவது சிவப்பு லைட் 800 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணினேன்: 64. மணிக்கு 3,840 மினுக்கு, 4.8 யூனிட்.

இது பாதிக் கணக்குதான். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டாமா? 200 லிட்டர் பேரலைப் போர் வாயில் வைக்காமல், ஓஸ் முடியும் வயலில் வைத்தேன். வழியில் ஒழுகுவதும் நம் காசுதானே. சரியாக ஒரு நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 12,000 லிட்டர்.

ஒரு ஏக்கரில் 2 அங்குல உயரம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 2,05,000 லிட்டர் வேண்டும். 17 மணி நேரம் ஓட்ட வேண்டும். 17 ஐ 4.8 ஆல் பெருக்கினால் 82 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு பாய்ச்சலுக்கு 656 ரூபாய். உங்கள் பில்லில் உள்ள ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாசியில் எடுத்த இந்தக் கணக்கு சித்திரைக்குச் செல்லாது. போரில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் பம்பு அதிக ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டும், தண்ணீர் வரத்து குறையும். சித்திரையில் மறுபடி போனேன். பேரல் நிறைய 90 விநாடி ஆனது. மினுக்கு நிமிடத்துக்கு 58 தான், மணிக்கு 4.35 யூனிட். 'மோட்டார் கம்மியாக இழுக்கிறது' என்று சந்தோஷப்படலாம். ஆனால் அதே வயலுக்கு இப்போது 25 மணி நேரத்துக்கும் மேல் ஓட வேண்டும். 111 யூனிட், 890 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு இத்தனை யூனிட் என்று மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம், ஆச்சியிடம் இன்னொன்றும் காட்டினேன். ஸ்டார்ட்டர் போர்டில் ஆம்ப்ஸ் முள் திடீரென்று இறங்கி ஆட, குழாயில் காற்றும் தண்ணீருமாகத் துப்பினால், போர் வற்றுகிறது என்று அர்த்தம். மீட்டர் மட்டும் ஓடும், வாய்க்காலுக்குத் தண்ணீர் போகாது. சப்மெர்சிபிள் தண்ணீரில்தான் குளிர்வதால் மோட்டாரின் காயில் கம்பியும் கருகலாம். உடனே நிறுத்தி, ஊற விட்டு ஓட்டச் சொன்னேன்.

"அப்ப பில் ஏறினது, ராத்திரி முழுக்க ஓட விட்டுட்டுத் தூங்கினதாலதானா?" என்றார் ஆச்சி.