டிவியைக் கவிழ்க்க எவ்வளவு பலம் வேண்டும்?

மேசைமேல் இருக்கும் டிவியைக் குழந்தை பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 43 அங்குல எல்.இ.டி. டிவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய மாடல்கள் பலவும் ஏறக்குறைய 8 கிலோ எடை இருக்கும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கால்கள் பொருத்தி மேசைமேல் வைத்தால் மேல் விளிம்பு மேசையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்தில் நிற்கும். பலகை மாதிரி தட்டையாக இருப்பதால் அதன் மொத்த எடையும் ஏறக்குறைய நடு உயரத்தில், அதாவது 32 செ.மீ. உயரத்தில், ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகக் கணக்கு வைக்கலாம். அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். அங்கிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் அது காலின் முன்நுனிக்கு 10 செ.மீ. பின்னால் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிவி நிற்பதும் விழுவதும் இந்த 10 செ.மீ.யைப் பொறுத்த விஷயம்.

டிவி முன்னால் கவிழும்போது காலின் முன்நுனியை அச்சாக வைத்துத்தான் திரும்பும். அதைப் பிடித்து நிறுத்துவது அதன் எடை: 8 கிலோவை 10 செ.மீ.யால் பெருக்கினால் 80. கவிழ்க்க முயல்வது குழந்தையின் இழுப்பு. அந்த இழுப்பை, அது விழும் இடத்தின் உயரத்தால் பெருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை சராசரியாக 85 செ.மீ. உயரம் இருக்கும், கையை மேலே நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை எட்டும். மேசை 50 செ.மீ. உயரம் என்றால் குழந்தையின் கை டிவியின் காலிலிருந்து 50 செ.மீ. மேலே படுகிறது. 80-ஐ 50-ஆல் வகுத்தால் 1.6. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலான இழுப்பு போதும். தரையில் கிடக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கத் தெரிந்த குழந்தைக்கு அந்தப் பலம் இருக்கிறது. மேசைமேல் ஏறி மேல் விளிம்பையே பிடித்துவிட்டால் 1.3 கிலோ போதும்.

இதில் இன்னொரு பொல்லாத அம்சம் உண்டு. சாயச் சாய ஈர்ப்பு மையமும் முன்னால் நகர்கிறது, 10 செ.மீ. குறைந்துகொண்டே வருகிறது. நம் டிவிக்கு ஏறக்குறைய 17 டிகிரி சாய்வில் அது பூஜ்யமாகிவிடும். 8 டிகிரி சாய்ந்தபோதே தேவையான இழுப்பு பாதியாகிவிட்டிருக்கும். சாய ஆரம்பித்தது தெரிந்து குழந்தை பயந்து பிடியை இறுக்கினாலும் அது இழுப்பாகத்தான் போய்ச் சேரும். டிவிகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தர விதிகளில் 10 டிகிரி சாய்ந்த தளத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. பெட்டியில் வந்த டிவி அதில் தேறியிருக்கலாம். ஆனால் சோதனைக்கூடத்தில் திருகுகள் முழுதாக முடுக்கப்பட்டிருக்கும், கீழே தட்டையான பலகை இருக்கும். நம் வீட்டு மேசை அப்படி இல்லை.

பழைய குழாய் டிவி கதை வேறு. தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த வண்ண டிவிகள் சின்னப் படக்குழாய் வகை. படக்குழாயில் கனமான கண்ணாடி முன்புறம் இருப்பதால் எடையும் முன்னால் தள்ளியே நிற்கும். பெரிய குழாய் டிவி என்றால் 40 கிலோகூட இருக்கும், விழுந்தால் அடி பயங்கரம். தட்டை டிவி எடை குறைந்தது, அதனால் ஆபத்தும் குறைந்தது என்று தோன்றும். உண்மையில் இழுத்துக் கவிழ்ப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. 8 கிலோ பொருள் ஒன்றரை மீட்டர்கூட இல்லாத உயரத்திலிருந்து குழந்தையின் தலைமேல் விழுவதும் சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்த 10 செ.மீ. வீட்டில் எங்கெல்லாம் கரைகிறது என்று பார்ப்போம். முதலில் டிவியின் கால்கள். ஒவ்வொரு காலும் பெரும்பாலும் இரண்டு சின்ன மெஷின் திருகுகளில் நிற்கிறது. வீடு மாறும்போது கழற்றி மாட்டியதில் ஒன்று தொலைந்திருக்கும், அல்லது கையில் கிடைத்த நீளம் குறைந்த திருகைப் போட்டிருப்பார்கள். டிவியின் மேல் விளிம்பை இரண்டு விரலால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், அடுத்த கையின் விரலைக் கால் சேரும் இடத்தில் வையுங்கள். கால் அசையாமல் டிவி மட்டும் அசைந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. அந்த ஆட்டத்தால் டிவி முன்பக்கம் 3 டிகிரி சாய்ந்தால்கூட ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 1.7 செ.மீ. முன்னால் வந்துவிடும். 10 இப்போது 8.3. முடுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை: திருகு இறங்கும் துளை பல மாடல்களில் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை வளையம்தான். பவர் டிரில்லால் முடுக்கினால் வளையம் சுழன்று பிடி போய்விடும். கை ஸ்க்ரூடிரைவரே சரி. இடது கால், வலது கால் வெவ்வேறாக வரும் மாடல்களில் மாற்றி மாட்டியிருந்தால் நீளமான பகுதி பின்னால் போய்விட வாய்ப்புண்டு, அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

அடுத்தது, டிவிக்கு அடியில் விரிக்கும் துணி. நம் வீடுகளில் எம்ப்ராய்டரி துணியோ பிளாஸ்டிக் விரிப்போ இல்லாத டிவி மேசை அபூர்வம். டிவிக் காலில் இருக்கும் ரப்பர் மேசையைக் கவ்விப் பிடிக்கும், அதனால் இழுத்தால் அது வழுக்காமல் கவிழும். துணி இருந்தால் கவிழாமல் வழுக்கவும் கூடும். அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வழுக்கி வந்த கால் மேசை விளிம்பைத் தாண்டிய அடுத்த கணம் டிவி கீழே. போதாததற்கு, முன்னால் தொங்கும் துணியின் ஓரம் தவழும் குழந்தைக்குப் பிடித்து இழுக்க நல்ல கைப்பிடி. துணியை எடுத்துவிடுங்கள். கால்கள் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளே இருக்கட்டும்.

இனி மேசை. ஆடுகிற மேசையில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. டிவியை இறக்கிவிட்டு, மேசையின் மேல்பலகையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். தரையில் நான்கு கால்களும் அசையாமல் இருக்க, மேசை மட்டும் கோணலாகச் சாய்ந்து திரும்பினால் பிரச்சினை மூட்டுகளில். பார்ட்டிகிள் போர்டு மேசைகளில் பக்கவாட்டு உறுதியைக் கொடுப்பது பெரும்பாலும் பின்னால் ஆணி அடித்த மெல்லிய அட்டைப் பலகை. கேபிள் விடுவதற்காக அதில் பெரிய ஓட்டை போட்டிருந்தாலோ, ஆணிகள் கழன்றிருந்தாலோ மேசை நெளியும். அந்தப் பலகையைத் திருகு போட்டு மறுபடி பிடித்துவிட்டால் ஆச்சரியப்படும் அளவுக்கு ஆட்டம் நின்றுவிடும். ஆனால் வீட்டைத் துடைக்கும் தண்ணீர் ஏறி அடிப்பலகை ஊதிப் பொருபொருத்துப் போயிருந்தால் அதில் எந்தத் திருகும் நிற்காது. அந்த மேசையில் டிவி வேண்டாம்.

மேசை நெளியாமல், மூலைக்கு மூலை ‘டக் டக்’ என்று ஆடினால் பிரச்சினை கால்களுக்கும் தரைக்கும் நடுவில். நான்கு கால்களும் ஒரே தளத்தில் இல்லை. எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்கள் தாங்கி நிற்க, மற்ற இரண்டும் மாறி மாறி அந்தரத்தில் நிற்கும். ஒரு தாளை ஒவ்வொரு காலுக்கடியிலும் நுழைத்துப் பார்த்தால் எவை என்று தெரிந்துவிடும். இங்கேதான் பலர் கண்ணுக்குப் பட்ட காலுக்கு அட்டையை மடித்துச் சொருகிவிட்டுப் போகிறார்கள். ஆடும் இரண்டு கால்களில் ஒன்று முன்கால், ஒன்று பின்கால். எதற்கு அட்டை வைத்தாலும் ஆட்டம் நிற்கும். ஆனால் பின்காலை உயர்த்தினால் மேசையும் டிவியும் குழந்தை பக்கம் சாய்கின்றன, முன்காலை உயர்த்தினால் சுவர் பக்கம் சாய்கின்றன. ஆகவே எப்போதும் முன்கால். திருகி உயர்த்தும் புஷ் உள்ள மேசை என்றால் அட்டையே தேவையில்லை, புஷ்ஷைத் திருகினால் போதும்.

டிராயர் உள்ள உயரமான அலமாரிமேல் டிவி வைப்பது தனிக் கவலை. டிராயரைத் திறந்து அதில் காலை வைத்து ஏறுவது குழந்தைகளுக்குப் படிக்கட்டு மாதிரி. அலமாரியின் உடல் 20 கிலோ, அதன் எடைமையம் முன்விளிம்பிலிருந்து 18 செ.மீ. பின்னால், மேலே 8 கிலோ டிவி, 20 செ.மீ. பின்னால். இரண்டும் சேர்ந்து பிடிக்கும் வலு 520. திறந்த டிராயர் 5 கிலோ, அதன் எடைமையம் 12 செ.மீ. முன்னால் வந்துவிட்டது, 60 கழிந்தது, மீதி 460. இப்போது 16 கிலோ எடையுள்ள நான்கு வயதுக் குழந்தை 30 செ.மீ. முன்னால் துருத்தி நிற்கும் டிராயர் விளிம்பில் ஏறினால் 480. அலமாரி கவிழும், டிவியும் கூடவே வரும். அமெரிக்காவில் 2022-இல் இயற்றிய சட்டத்தின்படி, துணி வைக்கும் அலமாரிகள் 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை மனதில் வைத்துச் சோதிக்கப்பட வேண்டும். அந்த விதி துணி அலமாரிக்கு. அதன்மேல் நாம் ஏற்றும் டிவியை அது கணக்கில் எடுக்காது.

கடைசியாக, கவிழாமல் பிடிக்கும் பட்டை. டிவியின் பின்னால் சுவரில் மாட்டுவதற்காக நான்கு திருகுத் துளைகள் இருக்கும். மேலே உள்ள இரண்டில் பட்டையின் ஒரு முனையைப் பூட்டி, மறுமுனையைச் சுவரில் பூட்ட வேண்டும். துளைக்கான திருகு எம்4 ஆகவும் இருக்கும், எம்6 ஆகவும் இருக்கும். கையேட்டைப் பார்த்து அந்த அளவிலேயே வாங்குங்கள், நீளம் அதிகமானால் உள்ளே பலகையைக் குத்தும். நாம் எடுத்த டிவியின் மேல் விளிம்பைக் குழந்தை 10 கிலோ விசையில் இழுத்தால், 35 செ.மீ. உயரத்தில் பூட்டிய பட்டைக்கு வரும் இழுப்பு சுமார் 15 கிலோ. நல்ல நைலான் பட்டைக்கு இது ஒன்றுமில்லை. கோளாறு வருவது வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று, தளர்வு. சுவர்ப் பக்கம் வயர் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று 10 செ.மீ. தளர்வாக விட்டால், பட்டை இறுகுவதற்குள் டிவி ஏறக்குறைய 15 டிகிரி சாய்ந்துவிடும். தானாக விழும் 17 டிகிரிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. வேகம் எடுத்த டிவியை வெடுக்கென்று நிறுத்தும்போது பட்டைக்கும் ஆணிக்கும் வரும் இழுப்பு அந்த 15 கிலோவைவிடப் பல மடங்கு கூடும். ஒரு விரல் நுழையும் தளர்வு போதும்.

இரண்டாவது, சுவர். மேலே 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை வெறும் பூச்சு. சின்ன ஆணி அதிலேயே நின்றுவிடும், இழுத்தால் பூச்சோடு கையில் வரும். 6 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செங்கல்லுக்குள் போகுமளவுக்கு 50 மில்லிமீட்டர் திருகு போட வேண்டும். துளையிடும்போது சிவப்புத் தூள் வந்தால் செங்கல்லைத் தொட்டாயிற்று. லேசான வெள்ளைக் கற்களில் கட்டிய புதிய அடுக்குமாடிகளில் சாதாரணப் பிளக் சுழலும், அந்தக் கல்லுக்கென்று தனி பிளக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் டையைப் பட்டையாகப் பயன்படுத்துவதும் வேண்டாம், நாளடைவில் அது நொறுங்கும். இதே காரணத்தால் அமெரிக்காவில் அத்தகைய பட்டைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன.

வாடகை வீட்டில் சுவரில் துளை போட விடமாட்டார்கள் என்றால், பட்டையை மேசையின் பின்பலகைக்குப் பதிலாக அதன் கனமான சட்டத்தில் பூட்டலாம். அப்போது டிவி தனியாகக் கவிழாது. ஆனால் மேசையோடு சேர்ந்து கவிழலாம், அதனால் மேசை தாழ்வாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், கீழ் அறையில் கனமான புத்தகங்களை நிரப்ப வேண்டும். ரிமோட்டையும் பொம்மையையும் டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதற்குச் செலவே கிடையாது, குழந்தை அந்த மேசையில் ஏறுவதே பாதி நேரம் அவற்றுக்காகத்தான்.