கல்லுப்பு, இந்துப்பு, பொடி உப்பு: பாக்கெட்டில் எழுதியிருப்பது என்ன?

கிருஷ்ணகிரி, தருமபுரி மளிகைக்கடைகளில் ஒரே தட்டில் மூன்று வகை உப்பு இருக்கும். பொடியாக, உதிரியாக இருப்பதன் மேல் ‘அயோடைஸ்டு சால்ட்’ என்று போட்டிருக்கும். பெரிய பெரிய வெள்ளைக் கற்களாக இருப்பதைக் கடைக்காரர் கல்லுப்பு என்பார். இளஞ்சிவப்பாக, மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு விலையில் இருப்பது ‘ராக் சால்ட்’. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் ஆங்கிலம் கலந்து பேசும்போது கல்லுப்பையும் ‘ராக் சால்ட்’ என்றே சொல்லிவிடுகிறோம். சில கல்லுப்புப் பாக்கெட்டுகளிலும் அப்படியே அச்சாகிறது. இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

கல்லுப்பில் வரும் ‘கல்’ பாறையைக் குறிப்பதில்லை. கற்கண்டில் வரும் ‘கல்’ போல, கட்டியாகத் திரண்ட பருக்கை என்பதுதான் பொருள். கடல்நீரையோ உவர் நிலத்தடி நீரையோ பாத்தியில் கட்டி, வெயிலில் வற்றவைத்து வாரியெடுப்பது இது. அந்தப் பாத்திக்கு அளம் என்று பெயர்; உப்பளம் என்ற சொல் அதிலிருந்து வந்தது. கடற்கரை அளத்திலிருந்து வண்டியில் உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்களைச் சங்கப் பாடல்கள் உமணர் என்கின்றன. தகடூர் போன்ற மேட்டு நிலத்தில் கடலும் இல்லை, அளமும் இல்லை. இன்றும் நமக்குக் கல்லுப்பு தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கமிருந்துதான் வருகிறது.

‘ராக் சால்ட்’ என்பது பூமிக்கடியில் படிவமாகக் கிடப்பதை வெட்டியெடுப்பது. இதற்குப் பாறையுப்பு என்பது நேரான சொல். ஆனால் நாட்டு மருந்துக்கடையில் கேட்க வேண்டிய பெயர் இந்துப்பு. சிந்து நாட்டிலிருந்து வருவதால் வடமொழியில் சைந்தவம் ஆனது; அதே சிந்துதான் இந்துப்பிலும் இருக்கிறது. பாக்கெட்டில் ‘சேந்தா நமக்’ என்று இருந்தாலும் இதுவேதான். இளஞ்சிவப்புக் கற்களில் பெரும்பகுதி பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்துச் சரக்கு. 2025 மே மாதம் முதல் பாகிஸ்தான் பொருள்களின் இறக்குமதிக்கு இந்தியா தடை போட்டிருக்கிறது. ஆகவே இப்போது வாங்குபவர்கள் பின்பக்கம் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. நிறம் மட்டும் எதற்கும் சான்றாகாது.

மூன்றாவதான ‘அயோடைஸ்டு சால்ட்’ என்பதைத் தமிழில் அயோடின் கலந்த உப்பு என்கிறோம். அதை ஒரு தனி வகை உப்பாக நினைப்பதுதான் தவறு. அது உப்பின் மேல் செய்யும் ஒரு சேர்க்கை. பொடி உப்பிலும் சேர்க்கலாம், கல்லுப்பிலும் சேர்க்கலாம். இந்தியாவில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். கடையில் விற்கும் நிலையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். பாக்கெட்டில் அது 15 பி.பி.எம். என்று இருக்கும். மனிதர் நேரடியாக உண்பதற்கென்று சாதாரண உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. பதப்படுத்துதல், கால்நடை, மருந்துத் தயாரிப்பு, தொழிற்சாலை போன்ற தேவைகளுக்கு மட்டும், அதைப் பாக்கெட்டில் தெளிவாக எழுதி விற்கலாம். கல்லுப்பு மூட்டையில் சிறிய எழுத்தில் ‘உணவுக்கு அல்ல’ என்றோ ‘பதப்படுத்த’ என்றோ இருந்தால் காரணம் இதுதான். அது போலிச் சரக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் தினக் குழம்புக்கு அதையே போட்டுக்கொண்டிருந்தால் உப்பின் வழியாக வீட்டுக்கு அயோடின் வராது.

கல்லுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. அயோடின் கரைசலைக் கற்களின் மேல் தெளித்துதான் சேர்க்கிறார்கள், அதனால் அது மேற்பரப்பில்தான் நிற்கும். மண் போகட்டும் என்று கல்லுப்பைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கழுவிய தண்ணீரோடு அயோடினும் போய்விடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர் விடுகிறதே, அந்த நீரைக் கொட்டினாலும் இதே கதைதான். நீர் விடுவது உப்பில் மிச்சமிருக்கும் மக்னீசியம் குளோரைடால். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், சற்றுக் கசப்பும் தரும். மண் வேண்டாமென்றால் கழுவாமல், கரைத்து வடிகட்டி உப்புநீராகவே குழம்பில் ஊற்றலாம்.

பொடி உப்பு நீர் விடாமல் உதிரியாக இருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, டாடா சால்ட் போன்றவை வெற்றிட முறையில் நீரை ஆவியாக்கி எடுப்பதால் மக்னீசியம் மிகவும் குறைவு. இரண்டாவது, கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள். சேர்மானப் பட்டியலில் அதற்கு எண் இருக்கும். ஐஎன்எஸ் 536 என்றால் பொட்டாசியம் ஃபெரோசயனைடு. பெயரில் சயனைடு இருப்பதால் பயமுறுத்தும் செய்திகள் சுற்றுகின்றன. அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, அளவும் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஐஎன்எஸ் 551 என்றால் சிலிக்கன் டையாக்சைடு. இது தண்ணீரில் கரையாது. ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் லேசாக மங்கும். அதே சோதனையில் கல்லுப்பிலுள்ள மண் அடியில் தங்கும், மேலே தெளிந்துவிடும்.

ஊறுகாய்க்குக் கல்லுப்புதான் என்று நம் பக்கத்தில் அடித்துச் சொல்வதற்கு இந்தத் தெளிவு ஒரு காரணம். அயோடின் ஊறுகாயைக் கறுக்கவைக்கும் என்பதற்கு மட்டும் பெரிய ஆதாரமில்லை. 15 மில்லிகிராம் அளவு அதற்குப் போதாது. உண்மையில் ஊறுகாய் கெடுவது அளவுப் பாத்திரத்தால். கொட்டை நீக்கிய பெங்களூரா மாங்காய்த் துண்டு 10 கிலோவுக்கு 1.5 கிலோ உப்பு என்று வைத்துக்கொள்வோம். பொடி உப்பு நெருங்கி உட்காரும்; கல்லுப்பில் இடைவெளி அதிகம். 1.5 கிலோ பொடி உப்பு பிடிக்கும் பாத்திரத்தில் கல்லுப்பை அளந்தால், கல்லின் பருமனைப் பொறுத்து 1.2 கிலோதான் தேறும். பழைய கல்லுப்பில் 6 விழுக்காடு ஈரமும் இருந்தால் அதில் எழுபது கிராம் வெறும் தண்ணீர். 15 விழுக்காடு இருக்க வேண்டிய உப்பு 11 சொச்சத்துக்கு இறங்கிவிடும். நாலைந்து நாளில் மேலே வெள்ளை ஆடை படரும், துண்டு கொழகொழக்கும். அதனால் படியில் அளக்காமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். மழைக்காலச் சரக்கென்றால் ஒரு பகல் வெயிலில் காயவைத்த பிறகு நிறுக்கலாம்.

புளியைப் பானையில் அடுக்கும்போதும் கல்லுப்பு தூவுகிறோம். அதற்கு அயோடின் தேவையில்லை, பதப்படுத்தும் உப்பே போதும்.

இந்துப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சோடியம் குறைவு’ என்று முன்பக்கம் எழுதியிருந்தால் பின்பக்க ஊட்டச்சத்துக் கட்டத்தைப் பாருங்கள். சுத்தமான உப்பில் 100 கிராமுக்குச் சோடியம் ஏறத்தாழ 39 கிராம். இந்துப்புக் கட்டத்திலும் 38,000 மில்லிகிராமை ஒட்டியே இருந்தால் ரத்த அழுத்தக்காரருக்கு அதனால் லாபமில்லை. நிறத்தைத் தரும் இரும்பும் மற்ற தாதுக்களும் சமையலில் போடும் அளவில் கணக்கில் வராது. அயோடினும் தனியாகச் சேர்த்தால் ஒழிய இருக்காது. சோடியம் உண்மையிலேயே குறைந்த உப்பு வேறு: அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு இருக்கும், சேர்மானத்தில் பெயர் வந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் அதை மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.