பெனால்டி: தண்டமா, ஒறுப்பா?

கால்பந்தில் கேட்டுப் பழகிய பெனால்டிதான் சிறுமமாக்கல் கணக்கிலும் வருகிறது. இதன் வேர் லத்தீன் 'போயினா', அதற்கும் முன்னால் கிரேக்க 'போயினே'. கொலைக்கு ஈடாகக் கட்டும் பணம் என்பது அதன் பழம்பொருள். கணிதப் பொருளும் அதுதான்: விதியை மீறலாம், ஆனால் மீறிய அளவுக்கு விலை கட்ட வேண்டும். 1943-இல் கணிதவியலாளர் கூரன்ட் இதைக் கையாண்டார்.

தமிழில் 'தண்டம்' சரியாகப் பொருந்தும். ஆனால் தண்டச்சோறு நினைவுக்கு வந்துவிடுகிறது. 'அபராதம்' மூலமொழியில் குற்றத்தையே குறித்த சொல். என் ஓட்டு 'ஒறுப்பு'க்கு. ஒறுத்தல் என்றால் தண்டித்தல். ஒறுப்புச் சார்பு என்று கூட்டவும் எளிது.

இனி ஒரு கணக்கு. x + y = 1 என்ற கட்டுப்பாட்டுக்குள் x² + y² மிகச் சிறியதாக வேண்டும். விடை இரண்டுமே 0.5. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, μ என்ற விலை வீதத்தோடு ஒறுப்பைச் சேர்ப்போம்:

`x² + y² + μ(x + y − 1)²`

இதன் சிறுமம் x = y = μ/(1+2μ). μ = 10 என்றால் 0.476, 1000 என்றால் 0.49975. கட்டுப்பாடு எப்போதும் 1/(1+2μ) அளவு மீறப்பட்டே நிற்கும். சரி, μ-வை ஏற்றிக்கொண்டே போனால் என்ன?

இரண்டாம் வகைக்கெழு அணியின் ஐகன் மதிப்புகள் 2, 2+4μ. அவற்றின் விகிதம் 1+2μ. மீறலின் தலைகீழ் அப்படியே! பிழையை ஆயிரத்தில் ஒன்றாக்கினால் விகிதம் ஆயிரமாகிறது. சார்பின் பரப்பு நீண்ட, குறுகிய பள்ளத்தாக்காகிவிடும். சரிவு பார்த்து இறங்கும் முறை இரு சுவர்களிலும் மாறிமாறி மோதி, வளைந்து வளைந்து நகரும். படிகள் பெருகியும் மதிப்பு அசையாவிட்டால் காரணம் இதுதான். இந்தச் சிறு கணக்கை நியூட்டன் முறை ஒரே படியில் முடித்துவிடும் என்பது வேறு கதை.

அந்த விகிதத்துக்குக் 'கண்டிஷன் எண்' என்று 1948-இல் பெயரிட்டவர் டூரிங். 'நிலை எண்' என்றால் ஒன்றும் புரியாது. 'சீர்கேட்டு எண்' என்பேன்.

கட்டுப்பாட்டைக் கையாளும் இன்னொரு முறையான பேரியர் என்பது எதிர்த்திசை. ஒறுப்பு வெளியே போனபின் விலை கேட்கும். பேரியர் உள்ளிருந்தே எல்லையை நெருங்கவிடாது. அதனால் 'தடை'யைவிட 'அரண்' பொருத்தம். x ≥ 0 என்ற கட்டுப்பாட்டுக்குள் x-ஐச் சிறுமமாக்க வேண்டும் எனில் x − μ ln x; சிறுமம் x = μ, அங்கே வளைவு 1/μ. இங்கே μ குறையக் குறையத்தான் சீர்கேடு.

அப்புறம் தீர்வு? 1969-இல் ஹெஸ்டெனிஸும் பவலும் தனித்தனியே சொன்னது: μ-வை ஏற்றாதே, λ என்ற பெருக்கியைச் சேர். λ(x + y − 1) என்பதைக் கூட்டி, 0-இல் தொடங்கும் λ-வை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீறலின் 2μ மடங்கால் திருத்த வேண்டும். μ 10-லேயே நின்றாலும் நம் கணக்கில் மீறல் 1/21, 1/441, 1/9261 எனச் சுருங்கும். சீர்கேட்டு எண் கடைசிவரை 21-தான்.